டீலர் மூலம் சாஃப்ட்வேர் விற்கப் போகிறவர்களுக்கு: லீட் யாருடையது என்று முதலில் எழுதி வையுங்கள்

கோவையில் கடைகளுக்கான பில்லிங், ஸ்டாக் சாஃப்ட்வேர் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். 2023-ல் டீலர் பிரிவை உருவாக்கும் பொறுப்பு என் கைக்கு வந்தது. அதுவரை எல்லாமே நேரடி விற்பனைதான். தாராபுரத்தில் ஒரு மளிகைக் கடைக்கு எங்கள் ஆள் இரண்டு தடவை போய் வந்தாலே அந்த லைசென்ஸில் கிடைத்த லாபம் போய்விடும். அதனால் அந்தந்த ஊரில் கம்ப்யூட்டர் சர்வீஸ், பிரின்டர், சிசிடிவி தொழிலில் இருப்பவர்களை டீலராகச் சேர்க்கலாம் என்று முடிவானது. எப்படிச் செய்வது என்று தேடினால் கிடைத்ததெல்லாம் பெரிய வெளிநாட்டு நிறுவனங்களின் கோல்டு, சில்வர் திட்டங்கள்தான். மூன்று பேர் வேலை செய்யும் ஊர்க்கடை டீலருக்கு அதில் ஒன்றும் பொருந்தாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை. நான் தனியாக அல்லாடிய இடங்களை, இதே வேலையில் இறங்குகிற இன்னொருவருக்காக எழுதுகிறேன்.

முதலில் பணம் போன கதை. எங்கள் சாஃப்ட்வேர் ஒரு கடைக்கு 20,000 ரூபாய், அடுத்த ஆண்டிலிருந்து ரினீவல் 6,000. ஜிஎஸ்டி தனி. டீலருக்கு விற்பனையில் 40 சதவீதம், ரினீவலில் 10 சதவீதம் மார்ஜின் என்று நிர்வாகம் நிர்ணயித்திருந்தது. டீலர்கள் மளமளவென்று சேர்ந்தார்கள். திருப்பூரில் ஒரு டீலர் நல்ல உழைப்பாளி, நாற்பது வாடிக்கையாளர்கள் வரை சேர்த்துக் கொடுத்தவர். எட்டுக் கடைகள் உள்ள ஒரு ரெடிமேட் துணிக்கடைக் குழுமத்தை அவர் இரண்டு மாதமாகப் பேசிப் பேசிப் பக்குவப்படுத்தியிருந்தார். முதலாளிக்கு டெமோ, கணக்காளருக்குத் தனியாக டெமோ, பார்கோடு ஒட்டிக் காட்டியது என்று எல்லாம் முடிந்து, 1,60,000 ரூபாய்க்குக் கொட்டேஷன் கொடுத்திருந்தார். அந்த எட்டில் இரண்டு கடைகள் பாலக்காட்டில். அங்கிருந்த மேலாளர் தன் பழக்கத்தில் கோவை டீலர் ஒருவரைக் கூப்பிட்டு விசாரிக்க, அவர் அதே எட்டுக் கடைக்கு 1,12,000 என்று கொட்டேஷன் அனுப்பினார். கடையின் பெயரைக் கொஞ்சம் வேறு மாதிரி எழுதியிருந்ததால், இரண்டும் ஒரே வாடிக்கையாளர் என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை.

முதலாளி மேஜையில் இரண்டு தாளும் சேர்ந்தன. ஒரே பொருள், ஒரே நிறுவனம், 48,000 ரூபாய் வித்தியாசம். அவர் கோவை டீலரிடம் வாங்கியிருப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் இருவரையும் விட்டுவிட்டு வேறு நிறுவனத்தின் சாஃப்ட்வேருக்குப் போய்விட்டார். "இப்பவே இவ்வளவு குளறுபடின்னா, வாங்கின பிறகு யாரைப் பிடிக்கிறது?" என்று கேட்டாராம். திருப்பூர் டீலர் எனக்குப் போன் செய்தபோது கத்தவில்லை. "ஏனுங்க மேடம், ரெண்டு மாசமா நான் ஏறி இறங்கின கடைங்க. உங்க ஆபீஸ்ல ஃபோன்ல சொல்லித்தானுங்க வச்சிருந்தேன். இனிமே எதை நம்பி நான் உங்க பேரச் சொல்றது?" என்றார். பதில் சொல்ல என்னிடம் விதி எதுவும் இல்லை. அவர் போனில் சொன்னது உண்மை. ஆனால் அது எங்கேயும் பதிவாகவில்லை, அப்படிப் பதிய ஓர் இடமும் இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நியாயம் அவர் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தும், அதைக் கொடுக்க வழியில்லாத நிலை மிகவும் சங்கடமானது.

எட்டுக் கடையில் எங்களுக்கு வரவேண்டிய 96,000 போனது. அதைவிடப் பெரிய அடி பிறகு வந்தது. ரினீவல் சமயத்தில் அந்த டீலர் தன் நாற்பது வாடிக்கையாளர்களையும் ஒவ்வொருவராக வேறு சாஃப்ட்வேருக்கு மாற்றினார். ரினீவலில் எங்கள் பங்கு கடைக்கு 5,400. நாற்பது கடைக்கு ஆண்டுக்கு 2,16,000. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்களிடம் அவருக்கு ரினீவலில் கடைக்குக் கிடைத்தது 600 ரூபாய். எங்களோடு இருக்க அவருக்கு என்ன காரணம் இருந்தது?

வாங்க வாய்ப்புள்ள கடை, அதாவது லீட், யாருடையது என்ற தகராறை மட்டும்தான் இதில் நிர்வாகம் பார்த்தது. அந்த இரண்டு கொட்டேஷனையும் வைத்துக் கணக்குப் போட்டபோது எனக்கு மார்ஜின்தான் முதலில் கண்ணில் பட்டது. 40 சதவீதம் என்றால் டீலருக்குக் கொள்முதல் விலை 12,000. கோவை டீலர் 14,000-க்குக் கொடுக்கத் தயாராக இருந்தார். அதாவது கடைக்கு 2,000 ரூபாய்தான் அவருக்கு. அந்த 2,000-க்குள் ஒரு துணிக்கடையில் பொருள் பட்டியல் ஏற்றி, ஓப்பனிங் ஸ்டாக் போட்டு, பார்கோடு பிரின்டர் செட் செய்து, பில் போடும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா? முடியாது. அவர் சாஃப்ட்வேரை நிறுவி, லைசென்ஸ் கீயைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். அதற்குப் பிறகு எல்லாக் கேள்விக்கும் கடைக்காரர் எங்கள் அலுவலகத்தைத்தான் கூப்பிடுவார். பழைய பதிவுகளை எடுத்துப் பார்த்தால் அதுதான் நடந்திருந்தது. பெரிய தள்ளுபடியில் போன கடைகள்தான் எங்கள் சப்போர்ட் ஆட்களை அதிகம் கூப்பிட்டன, ரினீவலும் செய்யவில்லை. முன்கூட்டியே கொடுக்கும் பெரிய மார்ஜின் டீலரின் உழைப்புக்குப் போகாமல் வாடிக்கையாளரின் தள்ளுபடியாகக் கரைந்துவிடுகிறது.

"இந்த விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று டீலர்களுக்கு உத்தரவு போட்டுவிடலாமே" என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அதைச் செய்வதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். மறுவிற்பனை விலையை நிறுவனம் கட்டுப்படுத்துவது 2002-ம் ஆண்டின் போட்டிச் சட்டத்தில் வருகிறது. டீலர்கள் கொடுக்கும் தள்ளுபடியைக் கட்டுப்படுத்தியதற்காக 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசுகிக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. சந்தையில் சிறிய பங்கு உள்ள எங்களைப் போன்றவர்களின் நிலைமை வேறாக இருக்கலாம். ஆனால் அந்த வம்பே வேண்டாம், தள்ளுபடி கொடுக்க இடமில்லாதபடி மார்ஜினையே பிரித்து வைக்கலாம் என்று தீர்மானித்தோம்.

இப்போதைய அமைப்பு இது. விற்கும்போது 20 சதவீதம். கடை உண்மையிலேயே ஓடத் தொடங்கிய பிறகு 10 சதவீதம். ஒவ்வோர் ஆண்டும் ரினீவலில் 30 சதவீதம். அதாவது டீலர் 16,000 கொடுத்து லைசென்ஸ் வாங்குகிறார். இனி 14,000-க்கு யாரும் கொட்டேஷன் போட முடியாது, கையிலிருந்து போகும். நிறுவும் வேலை முடிந்ததும் 2,000 வருகிறது. பிறகு ஆண்டுதோறும் 1,800. மூன்று ஆண்டுக் கணக்கு பாருங்கள்: பழைய முறையில் 8,000 + 600 + 600, மொத்தம் 9,200. புதிய முறையில் 4,000 + 2,000 + 1,800 + 1,800, மொத்தம் 9,600. பழைய 8,000-ல் பாதிக்கு மேல் தள்ளுபடியாகப் போய்க்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. ஆனால் "நாப்பது இருந்தது இருபது ஆயிருச்சு" என்றுதான் முதலில் எல்லோர் காதிலும் விழுந்தது. மெயில் அனுப்பினால் போதாது. ஒவ்வொரு டீலரோடும் உட்கார்ந்து, அவர் சென்ற ஆண்டு விற்ற பில்களையே எடுத்து வைத்து, உண்மையில் கையில் நின்றது எவ்வளவு என்று காட்ட வேண்டியிருந்தது. அப்படியும் சிலர் போனார்கள். போனவர்களில் பெரும்பாலானோர் தள்ளுபடியில் மட்டுமே விற்றவர்கள். எங்கள் கணக்குப் பிரிவுக்கும் வலிதான். ரினீவலில் எங்கள் பங்கு 5,400-லிருந்து 4,200 ஆனது. ஆனால் இப்போது ரினீவல் தேதிக்கு முன்பே டீலர் தானாகப் போய்க் கடைக்காரரைப் பார்க்கிறார். அந்த 1,200 அதற்கான விலை.

அந்த 10 சதவீதத்துக்கு "வேலை முடிந்தது" என்பதை எப்படி நிரூபிப்பது என்பதில் கவனமாக இருங்கள். முதலில் ஜிஎஸ்டிஆர்-1 எங்கள் சாஃப்ட்வேரிலிருந்து எடுக்கப்பட்டால் பணம் என்று யோசித்தோம். ஆனால் ஐந்து கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்கள் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யலாம். நிறையச் சின்னக் கடைகள் அப்படித்தான். 2,000 ரூபாய்க்கு டீலர் மூன்று மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டிவரும். அதனால் ஓப்பனிங் ஸ்டாக் ஏறியிருக்க வேண்டும், முதல் 30 நாளில் குறைந்தது 20 நாள் பில் போட்டிருக்க வேண்டும், கடைக்காரர் எங்கள் போன் அழைப்பில் சரி என்று சொல்ல வேண்டும் என்று வைத்தோம். முதல் இரண்டும் சாஃப்ட்வேரிலேயே தெரிந்துவிடும், யாரிடமும் வாதாட வேண்டாம். இந்தத் தொகைக்கு டீலர் எங்களுக்கு நிறுவும் சேவைக்கென்று தனி பில் போடுகிறார். விற்ற பிறகு கொடுக்கும் கழிவு என்று நாங்கள் கிரெடிட் நோட் போட்டால் ஜிஎஸ்டியில் கூடுதல் நிபந்தனைகள் வரும். டிடிஎஸ் பிடித்தமும் இருக்கிறது. இந்த இரண்டையும் திட்டம் அறிவிக்கும் முன்பே ஆடிட்டரிடம் பேசி முடித்துவிடுங்கள். டீலருக்குச் சொன்ன தொகையில் பின்னால் ஏதாவது குறைந்தால் மொத்த நம்பிக்கையும் போய்விடும்.

இனி லீட். ஒரு படிவம், அதில் கடையின் ஜிஎஸ்டி எண், முடிவெடுப்பவரின் பெயர், கைபேசி எண், சந்தித்த தேதி. அவ்வளவுதான். முதலில் பதிந்த டீலருக்கு 60 நாள் அந்தக் கடை சொந்தம். டெமோ அல்லது கொட்டேஷன் கொடுத்ததற்குச் சான்று இருந்தால் ஒரே ஒரு முறை இன்னும் 30 நாள். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் பதியலாம். அடுத்த வேலை நாளுக்குள் நாங்கள் "உங்களுடையது" அல்லது "ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது" என்று பதில் சொல்லியாக வேண்டும். இந்தக் கடைசி விதி நிறுவனத்துக்கானது. இதைக் காப்பாற்றாவிட்டால் மற்ற எதுவும் நிற்காது, டீலர் பழையபடி போனில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

கடைப் பெயரை நம்பி லீட் பதியவே பதியாதீர்கள். நம் ஊரில் ஒரே கடைக்கு ஐந்து விதமாகப் பெயர் எழுதுவார்கள். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துகள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33, கேரளத்துக்கு 32. அடுத்த பத்து எழுத்துகள் அந்த நிறுவனத்தின் பான் எண். உதாரணத்துக்கு இப்படி இருக்கும்:

```
33ABCDE1234F1Z5
32ABCDE1234F1Z7
```

மாநிலம் வேறானால் ஜிஎஸ்டி எண் வேறாகிவிடும், ஆனால் நடுவில் இருக்கும் பத்து எழுத்துகள் மாறாது. எங்கள் படிவம் அந்தப் பத்தை மட்டும் எடுத்துப் பொருத்திப் பார்க்கிறது. திருப்பூர், பாலக்காடு விவகாரம் இந்த ஒரு சரிபார்ப்பு இருந்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்னக் கடைக்கு முதலாளியின் கைபேசி எண்ணும் கடை முகப்பின் படமும் போதும். இதிலும் பிடிபடாதது ஒன்று உண்டு. அண்ணன் பெயரில் ஒரு நிறுவனம், தம்பி மனைவி பெயரில் ஒன்று என்று பான் எண்ணே தனித்தனியாக இருக்கும் குடும்பத் தொழில்கள். திருப்பூர், ஈரோடு பக்கம் இது மிகச் சாதாரணம். அதற்காகத்தான் முடிவெடுப்பவரின் கைபேசி எண்ணையும் பொருத்திப் பார்க்கிறோம். காசோலையில் கையெழுத்துப் போடுபவர் ஒருவரே என்றால் அது ஒரே லீட்.

பதிவு தொடங்கிய கொஞ்ச நாளில் ஒரு டீலர், வணிகர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை அப்படியே பதிந்துவிட்டார். ஊரே அவருக்குச் சொந்தமாகிவிட்டது. அதனால் ஒரு டீலரிடம் ஒரே சமயத்தில் திறந்திருக்கும் லீட் பதினைந்துக்கு மேல் போகக் கூடாது என்று வைத்தோம். புதிதாக ஒன்று வேண்டுமென்றால் பழையதில் ஒன்றை முடிக்க வேண்டும் அல்லது விட வேண்டும். இந்த வரம்பை ஆரம்பத்திலேயே வைத்துவிடுங்கள். பிறகு வைத்தால், இருப்பதைப் பிடுங்குவதாகத்தான் தெரியும்.

விதி இருந்தும் தகராறு வரும். ஒருவர் பதிந்த கடையின் முதலாளியே "எனக்கு அவர் வேண்டாம், இவர்தான் வேண்டும்" என்பார். வாடிக்கையாளரை வற்புறுத்த முடியாது. மார்ஜினை மூன்றாகப் பிரித்தது இங்கே பெரிய உதவியாக இருந்தது. விற்பனைக்கான 20 சதவீதம் பதிந்து உழைத்தவருக்கு. நிறுவும் 10 சதவீதமும் ரினீவல் 30 சதவீதமும் அந்தக் கடைக்குப் போய் வேலை செய்பவருக்கு. அந்தத் துணிக்கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுக் கடை விற்பனைக்கு 32,000 திருப்பூர் டீலருக்கு. அவர் போய்வர முடியாத பாலக்காட்டு இரண்டு கடைகளின் 4,000-மும் ஆண்டு ரினீவல் 3,600-ம் மற்றவருக்கு. இருவருக்கும் வருமானம், முதலாளி கையில் ஒரே விலை. முழுக்க விற்பனையிலேயே மார்ஜினைக் கொட்டி வைத்திருந்தால் இப்படிப் பங்கு போட முடியாது, ஒருவர் எல்லாம் பெற இன்னொருவர் வெறுங்கையோடு போக வேண்டியதுதான்.

எங்கள் சொந்த விற்பனை ஆட்களும் இதில் ஒரு தரப்பு. இதை யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. அவர்களுக்கு நேரடி விற்பனைக்கு மட்டும் இன்சென்டிவ் இருந்தது. டீலர் ஒரு பெரிய கடையைப் பதிந்தால், "நாங்கள் ஏற்கெனவே பேசியிருக்கிறோம்" என்று எங்கிருந்தோ ஒரு பழைய மெயில் வந்துவிடும். அவர்களைத் திட்டிப் பயனில்லை, அவர்கள் சம்பளமே அப்படி அமைந்திருந்தது. டீலர் வழியாகப் போனாலும் அவர்கள் டார்கெட்டில் முழு விலையும் கணக்காகும் என்று மாற்றிய மாதத்திலேயே அந்த மெயில்கள் நின்றன. நிறுவனம் நேரடியாகவே வைத்துக்கொள்ளும் கடைகளின் பட்டியலை முன்கூட்டியே எழுதி டீலர்களிடம் கொடுத்துவிட்டோம். பட்டியலில் இல்லாதது எல்லாம் பதிபவருக்கு.

பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும், அதில் போனது ஓட்டல் மண்டப வாடகையும் சாப்பாட்டுச் செலவும் மட்டுமல்ல. முதல் பயிற்சிக்கு வந்தவர்கள் டீலர் முதலாளிகள். கடைக்குப் போய் வேலை செய்யும் பையன்கள் வரவில்லை, அன்றைக்குக் கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. முதலாளி ஸ்லைடு பார்த்துவிட்டுப் போனார், பையனுக்கு ஒன்றும் தெரியாது. இப்போது பயிற்சி டெக்னீஷியனுக்கு, அவருடைய ஊரிலேயே, கடை வியாபாரம் மந்தமாக இருக்கும் நாளில். சான்றிதழ் டீலர்ஷிப்புக்குக் கிடையாது, ஆளுக்குத்தான். அந்த ஆள் வேலையை விட்டால் சான்றும் போகும், சான்று பெற்றவர் நிறுவிய கடைக்குத்தான் 10 சதவீதம். இந்தக் கடைசி நிபந்தனை வந்த பிறகு, பயிற்சிக்கு வாருங்கள் என்று நாங்கள் கெஞ்ச வேண்டியதில்லை.

தேர்வில் கேள்வித்தாள் கிடையாது. ஒரு நிஜக் கடையின் தாறுமாறான எக்செல் கோப்பைக் கொடுப்போம். எச்எஸ்என் எண் பாதிக்கு இருக்காது, ஒரே பொருள் மூன்று பெயரில் இருக்கும். அதைச் சீராக்கி ஏற்ற வேண்டும், பார்கோடு லேபிள் சரியான இடத்தில் அச்சாக வேண்டும், ஒரு விற்பனை ரிட்டர்ன் போட வேண்டும், பேக்அப் எடுத்து அதை வேறு கம்ப்யூட்டரில் திரும்ப ஏற்றிக் காட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் தடுமாறுவது கடைசியில்தான். பேக்அப் எல்லோரும் எடுப்பார்கள், ஏற்றிப் பார்த்தவர்கள் குறைவு.

இந்தப் பயிற்சி எவ்வளவு தூரம் உதவியது என்பது 2025 செப்டம்பரில் தெரிந்தது. செப்டம்பர் 3-ம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு, 22-ம் தேதி அமல். துணிக்கடைகளுக்கு ஒரு உருப்படி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18. முன்பு 1,000 வரை 5, அதற்கு மேல் 12 என்று இருந்தது. பட்டியலில் ஒரு எண்ணை மாற்றினால் போதாது, விற்கும் விலையைப் பார்த்து வரி மாற வேண்டும். தள்ளுபடி போட்டு 2,600 ரூபாய்ச் சட்டை 2,400 ஆனால் வரி 5-க்கு இறங்க வேண்டும். 22-க்கு முன் விற்ற துணி பிறகு திரும்பி வந்தால் பழைய வரியிலேயே ரிட்டர்ன் போட வேண்டும். இந்த நுணுக்கங்களைச் சான்று பெற்ற பையன்கள் கடை கடையாகப் போய்ச் சரிசெய்தார்கள். அப்படி ஆள் இல்லாத டீலர்களின் கடைகள் அத்தனையும் எங்கள் அலுவலகப் போனில் வரிசையில் நின்றன. சட்டம் மாறும் ஒவ்வொரு முறையும் மறுபயிற்சி உண்டு என்பதையும் ஒப்பந்தத்திலேயே போட்டுவிடுங்கள்.

டீலர் பிரியும்போது என்ன ஆகும் என்பதும் சேரும் நாளிலேயே பேச வேண்டிய விஷயம். ரினீவல் நினைவூட்டல் எங்களிடமிருந்து நேராகக் கடைக்காரருக்குப் போகும், கடையின் தரவு கடைக்காரருக்கே சொந்தம், டீலர் விலகினால் அவர் விற்ற கடைகளின் அடுத்த ஒரு ரினீவல் வரை மார்ஜின் அவருக்கே, அதற்குப் பிறகு அருகிலுள்ள டீலருக்குச் சேவை மாறும். இந்த ஒரு ரினீவலைக் கொடுப்பதா என்று எங்கள் அலுவலகத்தில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. நான் விடவில்லை. விலகும் ஒருவர் கோபத்தில் நாற்பது கடையை எடுத்துக்கொண்டு போனதற்கு நாங்கள் கொடுத்தது ஆண்டுக்கு 2,16,000. நாற்பது கடைக்கு ஒரு ரினீவல் மார்ஜின் 72,000. அதை ஒரே ஒரு முறை கொடுத்தால் போதும்.